முன்னும் பின்னும் ஒரு பாட்

யூனிஸ்வாப் போன்ற பரவலாக்கப்பட்ட சந்தையில் ‘வாங்கு’ என்று அழுத்தியதும் வாங்கிவிட்டதாக நினைக்காதீர்கள். எதேரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக்; அதில் ஏறும்வரை உங்கள் ஆணை மெம்பூல் எனும் பொதுக் காத்திருப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும்.

விலையை அங்கே நிர்ணயிப்பது சூத்திரம்: தொகுப்பிலுள்ள இரு நாணயங்களின் இருப்பைப் பெருக்கி வரும் எண் மாறக்கூடாது. 1,000 ஈத்தரும் 20 லட்சம் டாலர் நாணயமும் இருக்கும்போது 20,000 டாலர் போட்டால், கட்டணம் நீங்கலாக, 9.90 ஈத்தர் வர வேண்டும். 5 சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஸ்லிப்பேஜ் வரம்பு வைத்திருக்கிறீர்கள். இதைக் கவனித்த பாட், பிளாக்கைக் கட்டுபவருக்குக் கூடுதலாகக் கொடுத்து, முந்திக்கொண்டு 50,000 டாலருக்கு வாங்குகிறது. இந்த முந்தல்தான் ஃப்ரன்ட் ரன்னிங். ஏறிய விலையில் உங்களுக்கு 9.43 ஈத்தர்தான். உங்கள் பணம் விலையை இன்னும் ஏற்ற, பாட் உடனே விற்றுச் சுமார் 970 டாலர் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள், அதனால்தான் சாண்ட்விச்.

பாட்டுக்கு இடம் கொடுத்தது அந்த 5 சதவீதம். அதுவே 1 ஆக இருந்தால் சுமார் 10,000 டாலருக்குமேல் முந்தி வாங்க முடியாது. மீறினால் உங்கள் ஆணை ரத்தாகும், எரிவாயுக் கட்டணம் மட்டும் போகும். லாபம் 200 டாலருக்குச் சுருங்கிவிடும். ஆணையை மெம்பூலுக்கு அனுப்பாமல் தனிவழியில் அனுப்பும் வாலட்டுகளும் உண்டு, அந்த வழியை நடத்துபவரை நம்பினால்.