பெல் போடாத கணக்கு

கணிதத்தில் ‘பெல் சமன்பாடு’ என்று ஒன்று இருக்கிறது. ஜான் பெல் (1611–1685) என்கிற ஆங்கிலேயரின் பெயரால் வழங்குவது. இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவரில்லை. விடை காணும் வழியைக் கண்டவரும் அவரில்லை. இருந்தும் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்று பார்ப்பது, அறிவுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில், எப்படிச் செயல்படுகிறது என்று பார்ப்பதாகவும் ஆகும்.

முதலில் கணக்கு. ஒரு வர்க்க எண்ணைக் குறிப்பிட்ட ஒரு எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், வருவதும் ஒரு வர்க்கமாக இருக்க வேண்டும். குறியீட்டில் x² − Ny² = 1. இதில் x, y இரண்டும் முழு எண்கள். N என்பது 2 என்றால் சுலபம்: 2-இன் வர்க்கம் 4, இரண்டால் பெருக்கினால் 8, ஒன்றைக் கூட்டினால் 9, அது 3-இன் வர்க்கம். N என்பது 61 ஆனால் கதையே வேறு. கிடைக்கிற ஆகச் சிறிய விடையில் y 226153980, x 1766319049. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. ஒரு வழிமுறை வேண்டும்.

628-இல் பிரம்மகுப்தர் அந்த வழியின் முதல் பாதியைக் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட எண்களில் ஒன்று 92. ஒன்று மிஞ்ச வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது மிஞ்சினாலும் பரவாயில்லை என்று தொடங்குகிறார். 10-இன் வர்க்கத்திலிருந்து 92-ஐக் கழித்தால் 8 மிஞ்சுகிறது. இப்படிப்பட்ட இரண்டு அரைகுறை விடைகளைச் சேர்த்து மூன்றாவது ஒன்றை உண்டாக்க ஒரு விதி வைத்திருந்தார். அதற்கு ‘பாவனா’ என்று பெயர். அந்த விதிப்படி இந்த விடையை இதனுடனேயே சேர்த்தால் x 192, y 20, மிச்சம் 64. x, y இரண்டையும் 8-ஆல் வகுத்தால் 24, இரண்டரை, மிச்சம் 1. அரை எண் உறுத்துகிறதல்லவா? இன்னொரு தடவை தன்னோடு தானே சேர்த்தால் 1151, 120. சரிபார்க்கலாம்: 1151-இன் வர்க்கம் 1324801, 120-இன் வர்க்கத்தை 92-ஆல் பெருக்கினால் 1324800. ஒன்றுதான் மிச்சம்.

இந்த வழி எல்லா எண்ணுக்கும் தானாக ஓடாது. மிச்சம் தோதாக அமைய வேண்டும். எந்த எண்ணானாலும், ஒவ்வொரு சுற்றிலும் மிச்சத்தைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி ஒன்றுக்குக் கொண்டு வந்து சேர்க்கிற முறைக்குச் சக்கரவாளம் என்று பெயர். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் வழியாக நமக்குக் காது பழகிய சொல். 1150-இல் பாஸ்கரர் 61-ஐ இந்த முறையில்தான் தீர்த்தார்.

இதெல்லாம் தெரியாமல் 1657-இல் பிரான்சின் ஃபெர்மா இதே கேள்வியைச் சவாலாக விட்டார். அவர் குறிப்பிட்ட எண்களில் 61-உம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து பிரவுங்கர் ஒரு வழிமுறையைக் கண்டு சொன்னார். வாலிஸ் அதை எழுதி அச்சிட்டார். பிற்பாடு வாலிஸின் இயற்கணித நூலைப் படித்த ஆய்லர், பிரவுங்கரின் முறையைப் பெல்லுடையது என்று எடுத்துக்கொண்டார். அந்த நூலில் பெல்லின் வேறு வேலைகளும் பேசப்படுகின்றன. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பதே பலரும் தருகிற விளக்கம். 1730-இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்திலேயே ஆய்லரிடம் பெல்லின் பெயர் வந்துவிட்டது. 1770-இல் வெளியான அவருடைய இயற்கணித நூலிலும் அது நின்றது.

பெயர் பெற்றவரின் புகழ்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இருக்கிறவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்கிற மத்தேயு சுவிசேஷ வாக்கை வைத்து, பிரபலங்களுக்கே பெருமை போய்ச் சேர்வதை ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் விளக்கினார். பெல் விஷயத்தில் அது அப்படியே பொருந்தவில்லை. அவர் கொஞ்சமாக வெளியிட்டு, வறுமையில் இறந்தவர். இங்கே வேலை செய்தது பெயரிட்டவரின் அதிகாரம். அக்காலத்துக் கணிதம் ஆய்லரிடமிருந்து கற்றுக்கொண்டது; ஆய்லர் வாயில் வந்தது அப்படியே புழக்கமாயிற்று. பிரம்மகுப்தரையும் பாஸ்கரரையும் கோல்புரூக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லண்டனில் வெளியிட்டது 1817-இல். அதற்குள் பெயர் காய்ந்து இறுகிவிட்டது.

ஸ்டீஃபன் ஸ்டிக்லர் என்கிற புள்ளியியலாளர் 1980-இல் இதையே ஒரு விதியாகச் சொன்னார்: எந்த அறிவியல் கண்டுபிடிப்பும் அதை முதலில் கண்டவரின் பெயரைத் தாங்குவதில்லை. இதை முதலில் சொன்னவர் மெர்ட்டன்தான் என்று சொல்லிக்கொண்டே, வேண்டுமென்றே அதற்கு ‘ஸ்டிக்லர் விதி’ என்று தன் பெயரை வைத்தார். நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. பெயரை வைப்பவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர். கண்டவரிடமிருந்து காலத்தாலோ இடத்தாலோ தள்ளியிருந்து அதைப் பயன்படுத்துகிறவர்கள். தங்களுக்கு அது எந்த வழியாக வந்து சேர்ந்ததோ, அந்த வழியில் நின்றவரின் பெயர்தான் அவர்களுக்குத் தெரியும்.

சரி, அப்படியென்றால் ‘பாஸ்கரர் சமன்பாடு’ என்று மாற்றிவிடலாமா? எல்லாமே நம்மிடம் இருந்தது, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போய்விட்டான் என்கிற குரல் இந்த இடத்தில்தான் எழும். திருட்டு என்று சொல்ல ஒரு பாதையைக் காட்ட வேண்டும்: எந்தச் சுவடி, யார் கை வழியாக, எந்த ஊருக்குப் போயிற்று? ஃபெர்மாவுக்கோ பிரவுங்கருக்கோ இந்த வழிமுறை இங்கிருந்து போனதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பெல்லும் எதையும் தனதென்று கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று. சக்கரவாளம் பாஸ்கரருடையது என்பதே வெகுகாலம் வரலாறாக இருந்தது. 1954-இல் கே. எஸ். சுக்லா ஒரு பழைய உரையை ஆராய்ந்து எழுதினார். உதயதிவாகரர் 1073-இல் எழுதிய உரை அது. அதில் ஜெயதேவர் என்பவரின் சுலோகங்கள் எடுத்தாளப்பட்டிருக்கின்றன. சக்கரவாள முறை அவற்றில் இருக்கிறது. பாஸ்கரரின் நூலுக்கு எழுபத்தேழு வருஷம் முந்திய உரையிலேயே ஜெயதேவர் மேற்கோள் ஆகிவிட்டார். அவருடைய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பாஸ்கரருடையது கிடைத்தது, படிக்கப்பட்டது, மொழிபெயர்க்கப்பட்டது. ஆக, ஐரோப்பாவில் பிரவுங்கருக்கு நடந்ததுதான் இங்கே ஜெயதேவருக்கு நடந்தது. பெல்லை அழித்துவிட்டுப் பாஸ்கரரை எழுதினால் அதே தவறைச் சொந்த மொழியில் செய்ததாகத்தான் ஆகும்.

பழைய நூல்கள் இந்தக் கணக்கை வர்க்கப் பிரகிருதி என்றன. ஆள் பெயர் இல்லை, வேலையின் பெயர்தான். உயர்ந்த பண்பாடு என்று உடனே மெச்சிக்கொள்ள வேண்டாம். அப்படிப் பெயரில்லாமல் போனதும் ஜெயதேவர் அவ்வளவு காலம் மறைந்து கிடந்ததற்கு ஒரு காரணம். பெயர் வைத்தால் ஒருவர் மற்றவரை மறைக்கிறார். வைக்காவிட்டால் எல்லோரும் மறைகிறார்கள்.

‘முதலில் கண்டவர்’ என்கிற ஒற்றை நாற்காலியே இங்கு பொருந்தாதது. சேர்க்கும் விதியைத் தந்தவர் பிரம்மகுப்தர்; நமக்குத் தெரிந்தவரையில் முழு முறையின் முதல் சாட்சி ஜெயதேவர்; வர்க்கமல்லாத எந்த N-க்கும் விடை கட்டாயம் உண்டு என்று நிறுவியவர் 1768-இல் லாக்ராஞ்ச். அந்த நிரூபணம் பாஸ்கரரிடமும் கிடையாது, பிரவுங்கரிடமும் கிடையாது. எனவே ஒரு பெயரைக் கண்டால், இவர்தான் கண்டாரா என்பதோடு நிறுத்தாமல், இந்தப் பெயரை முதலில் வைத்தவர் யார், எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வைத்தார், எது அப்போது அவர் கைக்கு வந்திருக்கவில்லை என்றும் கேட்க வேண்டும். பெல் சமன்பாட்டில் இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடிகிறது. பெயர் அப்படியே கிடக்கட்டும். அதைச் சொல்லும்போது இந்த மூன்று விடைகளையும் கூடவே சொல்லலாம்.