மெல்லப் பழகும் குழந்தையுடன் பேசுவது எப்படி?

குழந்தைகள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல் புது முகங்களைக் கண்டு மிரளத் தொடங்குகின்றன. வளர வளர இது தணியும். சில குழந்தைகளிடம் மட்டும் மூன்று, நான்கு வயதிலும் தொடரும். 1956-இல் நியூயார்க்கில் குழந்தைகளின் சுபாவத்தை ஆராயத் தொடங்கிய அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் இருவரும், தாங்கள் கவனித்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினரை ‘மெல்லப் பழகுபவர்கள்’ என்று வகைப்படுத்தினர். இது பிடிவாதமோ வளர்ப்புக் குறையோ அல்ல, இயல்பு.

வீட்டுக்கு வரும் மாமா, “பாப்பா, உன் பேரென்ன?” என்று குனிந்து கேட்கிறார். கேள்வி எளிதுதான். ஆனால் பெரிய முகம் ஒன்று நெருங்கி, கண்ணைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் குழந்தையை அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிய வைக்கின்றன. எனவே இம்மூன்றையும் குறைப்பதே முதல் வேலை.

அந்த மாமா இரண்டு மூன்று அடி தள்டித் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, குழந்தையின் அம்மாவுடன் சாதாரணமாகப் பேசலாம். புதியவரிடம் அம்மா இயல்பாக இருப்பதைப் பார்த்தே குழந்தை அவரை எடைபோடுகிறது. பிறகு அங்கே கிடக்கும் சொப்புச் சாமான்களில் ஒன்றை எடுத்து, தனக்குத்தானே பேசுவதுபோல, “டீ போடலாம். சட்டி இருக்கு, மூடியைக் காணோமே” என்று விளையாடத் தொடங்கலாம். இதில் கேள்வி இல்லை. பதில் சொல்லும் கட்டாயமும் இல்லை. குழந்தை எட்டிப் பார்க்கும். சட்டியில் பொருந்தாத மூடியை அவர் வைத்தால், சரியான மூடியைத் தள்ளிவிடக்கூடும். பேச்சு வருமுன் கைதான் உரையாடுகிறது.

அந்த நேரத்தில், “அட, பேசிட்டியே!” என்று கைதட்டினால் எல்லோர் பார்வையும் குழந்தைமேல் விழும், அது மீண்டும் ஒளிந்துகொள்ளும். மூடியை வாங்கி மூடி, “இப்ப சரியா இருக்கு” என்று சொன்னால் போதும். அடுத்து ஒரு குட்டி டம்ளரை நடுவில் வைத்துவிட்டுச் சில நொடிகள் சும்மா இருக்க வேண்டும். குழந்தை அதை எடுத்துக் ‘குடித்தால்’ விளையாட்டு இருவருக்கும் பொதுவாகிவிட்டது. “இதுல சர்க்கரை இல்ல” என்ற முதல் பேச்சும் பெரும்பாலும் இப்படி விளையாட்டுக்குள்ளிருந்தே வரும்.

உடல் விறைப்பது, முகம் திருப்புவது, விரலை வாயில் வைப்பது ஆகியவை அவசரப்பட்டதன் அடையாளங்கள். அப்போது சற்று விலகி, முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். “இவ ரொம்ப கூச்சப்படுவா” என்று குழந்தையின் காதுபடச் சொல்வதையும், “மாமாகிட்ட போ” என்று தள்ளிவிடுவதையும் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக வாயே திறக்கவில்லை என்றால், அது வெறும் கூச்சமாக இல்லாமலும் இருக்கலாம். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் இந்தக் கணக்கில் சேராது. அத்தகைய குழந்தையைக் குழந்தைநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்ட வேண்டும்.