மறைத்த வேலையும் முடிக்க வேண்டிய கணக்கும்

2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனத் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்த 300 பேரை நீக்கிவிட்டதாக அறிவித்தார். 'மூன்லைட்டிங்' என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது அப்போதுதான். அடுத்த மாதமே இன்ஃபோசிஸ் நிறுவனம், மேலாளரிடமும் மனிதவளத் துறையிடமும் முன்அனுமதி வாங்கிக்கொண்டால் வெளியே சிறு பணிகள் செய்யலாம் என்று தன் ஊழியர்களுக்குச் சொன்னது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். இரண்டாவது வேலை என்பதே எல்லா இடத்திலும் குற்றமில்லை. பெரும்பாலும் வேலையைப் பறிப்பது, அதைச் சொல்லாமல் மறைத்ததுதான்.

அப்படி மறைத்த ஒருவரை நீக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால், நீக்கும் விதத்தில் நம் நிறுவனங்கள் பல தடுமாறுகின்றன. நீக்கிய பிறகு கணக்கு முடிக்கும்போது இன்னும் மோசமாகத் தடுமாறுகின்றன. ஒரு கற்பனை ஊழியரை வைத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

சென்னை தரமணியில் நடுத்தர அளவிலான ஒரு மென்பொருள் நிறுவனம். 2019 ஜூன் மாதம் சேர்ந்த ஒரு டெவலப்பர். மாதச் சம்பளம் 80,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 40,000. 2026 பிப்ரவரியில், பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சி ஒன்றிடமிருந்து மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. "இவர் உங்களிடம் 2025 ஜூன் வரை பணியாற்றியதாகக் குறிப்பிட்டிருக்கிறார். உறுதிசெய்ய முடியுமா?" ஆளோ இன்று காலைகூட ஸ்டாண்டப் மீட்டிங்கில் பேசியிருக்கிறார்!

இந்த இடத்தில் பதற்றப்படும் நிறுவனம்தான் முதல் தப்பைச் செய்கிறது. ஆளை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, இல்லேன்னா டெர்மினேட் பண்ண வேண்டி வரும்" என்று சொல்லி, அரை மணி நேரத்தில் கையெழுத்து வாங்கி, லேப்டாப்பைப் பறித்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். பல நிறுவனங்களில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. மிரட்டி வாங்கிய ராஜினாமா என்று அவர் நிரூபித்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது விசாரணையே இல்லாமல் செய்த பணிநீக்கம். உண்மையிலேயே தவறு செய்த ஒருவரிடம் நிறுவனம் தோற்றுப்போவது இப்படித்தான்.

முதலில் உண்மைகளைத் தனியாகத் திரட்ட வேண்டும். ஏஜென்சியின் மின்னஞ்சல் ஒரு துப்பு மட்டுமே, சாட்சியம் ஆகாது. பி.எஃப். கணக்கில் இரண்டு நிறுவனங்கள் ஒரே காலத்தில் தெரிவதை வைத்தே முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய நிறுவனம் 'வெளியேறிய தேதி'யைப் பதிவுசெய்யாமல் விட்டுவிட்டால், நேர்மையாக வேலை மாறிய ஒருவரின் யு.ஏ.என். கணக்கில்கூட இரண்டு வேலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததுபோலத் தெரியும். பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு இடத்திலிருந்தும் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்த பாஸ்புக் ஊழியருடையது என்பதால் அவரிடமே கேட்டு வாங்க வேண்டும்.

நம் உதாரணத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்தது இதைவிட உறுதியான ஒன்று. நிறுவனத்தின் லேப்டாப்பிலிருந்தே, அலுவலக நேரத்தில், வாரம் மூன்று நாள் காலை 11 மணிக்கு இன்னொரு நிறுவனத்தின் மீட்டிங்குகளில் அவர் சேர்ந்திருக்கிறார். நிறுவனத்துச் சாதனத்தின் பதிவுகளில் அது 2025 ஜூலை முதல் இருக்கிறது. இதைப் பார்க்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதன் ஐ.டி. கொள்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறது. அதே லேப்டாப்பில் லாக்-அவுட் செய்யாமல் திறந்து கிடக்கும் அவருடைய சொந்த மின்னஞ்சலைப் படிக்கத் தொடங்கினால் கதை மாறிவிடும். அனுமதியில்லாமல் நுழைந்தார்கள் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க அவருக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

அடுத்தது, எந்த விதி மீறப்பட்டது என்பது. 'நம்பிக்கைத் துரோகம்' என்று ஒரு குற்றம் எந்தப் பணி ஆணையிலும் இருக்காது. அவருடைய பணி ஆணையில் இருப்பது: எழுத்துமூலமான முன்அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கோ கட்டணத்துக்கோ வேறு எந்தப் பணியையும் ஏற்கக் கூடாது. இதோடு, ஆண்டுதோறும் ஜனவரியில் எல்லோரும் நிரப்பும் உறுதிமொழிப் படிவம் ஒன்றும் உண்டு. 2026 ஜனவரியில், 'வேறு வேலை ஏதேனும் செய்கிறீர்களா?' என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று டிக் செய்திருக்கிறார். என் கணிப்பில் இந்த வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு டிக்தான். வார இறுதியில் மட்டும் செய்தேன், போட்டி நிறுவனம் இல்லை, வேலையில் குறை வைக்கவில்லை என்றெல்லாம் அவர் சொல்லலாம், அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். கேட்டபோது பொய் சொன்னதற்கு அந்தப் பதில்கள் எதுவும் பொருந்தாது.

ஆகவே விளக்கம் கேட்கும் கடிதம், அதாவது ஷோகாஸ் நோட்டீஸ், இப்படி இருக்க வேண்டும்: "2025 ஜூலை முதல் 2026 பிப்ரவரி வரை, இணைப்பில் கண்ட தேதிகளில், அலுவலக நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் கூட்டங்களில் கலந்துகொண்டதாகத் தெரிகிறது. 2026 ஜனவரி உறுதிமொழியில் வேறு வேலை இல்லை என்று தெரிவித்துள்ளீர்கள். பணி ஆணையின் இந்தப் பிரிவை மீறியதாக ஏன் கருதக் கூடாது என 7 நாட்களுக்குள் விளக்கவும்." 'தெரிகிறது' என்ற சொல் கவனித்துப் போட்டது. முடிவை முன்பே எழுதிவிட்ட நோட்டீஸ், விசாரணையைச் சடங்காக்கிவிடும்.

விசாரணை ஏன் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நேரான பதில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலைசெய்த ஒருவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதிலான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. தவறான நடத்தைக்காக என்றால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் அதற்கென நடத்திய விசாரணையில் போதுமான சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நம் டெவலப்பர் யாரையும் நிர்வகிப்பவர் இல்லை, அதனால் பொருந்தும். முடிவு பிடிக்காவிட்டால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடும் செய்யலாம்.

விசாரணை என்றால் நீதிமன்றம் மாதிரி பயமுறுத்த வேண்டியதில்லை. புகார் கொடுத்த மேலாளரே விசாரணை அதிகாரியாக உட்காரக் கூடாது. நிறுவனம் காட்டும் ஆவணங்களின் நகல் அவருக்கும் போக வேண்டும். சாட்சி சொல்பவரை அவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அறிக்கை தயாரானதும் அதன் நகலைக் கொடுத்து, தண்டனை முடிவுசெய்யும் முன் அவர் பதிலைக் கேட்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்.

இங்கே நான் அதிகம் கவலைப்படும் கடிதம் ஒன்று உண்டு. விசாரணை நடத்த நேரமில்லை, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைப்பார்கள். அது தனி வழி, காரணம் நியாயமாக இருந்தால் போகலாம். ஆனால் அந்தக் கடிதத்திலேயே கோபம் தாங்காமல், 'நிறுவனத்தை ஏமாற்றிய காரணத்தால்' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். குற்றம் சாட்டியாயிற்று, விசாரணை மட்டும் இல்லை. அந்த ஒரு வரிக்காகவே ஆணை அடிபட்டுப் போகலாம்.

நம் உதாரணத்தில் விசாரணை நடந்தது, குற்றம் நிரூபணமானது, 2026 ஏப்ரல் 15 புதன்கிழமை பணிநீக்க ஆணை வந்தது. இனி கணக்கு.

பதினைந்து நாள் வேலைசெய்ததற்கான சம்பளம் 40,000 ரூபாய். இதில் பேச்சே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, ஒருவர் நீக்கப்பட்டாலும் ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். 'எஃப் அண்ட் எஃப் 45 நாளில் வரும்' என்று சொல்லிப் பழகிய நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 17 வெள்ளிக்குள் அந்தப் பணம் அவர் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். எடுக்காத 12 நாள் விடுப்புக்கு, அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடுவது என்ற அந்த நிறுவனத்தின் விதிப்படி 16,000. விசாரணை நடத்தி நீக்கியதால் நோட்டீஸ் சம்பளம் கிடையாது.

'எங்கள் நேரத்தில் வேறு வேலை பார்த்தாரே, அந்த எட்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாமா?' என்று முதலாளிகள் கேட்பதுண்டு. பிடிக்க முடியாது. சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. பி.எஃப்., வருமான வரி, வாங்கிய முன்பணம் போன்றவை அதில் உண்டு. கோபத்துக்கு ஈடு அதில் இல்லை. நஷ்டம் என்று நினைத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். பி.எஃப். பணத்தின் மீதும் நிறுவனம் கைவைக்க முடியாது.

பெரிய தொகை பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஆறு ஆண்டு பத்து மாதம் என்பதை ஏழு ஆண்டாக எடுத்துக்கொள்கிறோம். 40,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஏழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,61,538 ரூபாய். நீக்கப்பட்டவருக்குப் பணிக்கொடை கிடையாது என்பது நம் அலுவலகங்களில் வேரூன்றிய தவறான நம்பிக்கை. பறிக்கலாம், ஆனால் சில காரணங்களுக்கு மட்டும். நிறுவனச் சொத்துக்கு நஷ்டம் விளைவித்திருந்தால் அந்த நஷ்டத்தின் அளவுக்கு. வன்முறையோ, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றமோ என்றால் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ. அதற்குக் குற்றவியல் நீதிமன்றத் தண்டனை அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அதிலிருந்து நிறுவனங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. ஆனால், பயணிகளின் டிக்கெட் பணத்தை எடுத்துக்கொண்ட பேருந்து நடத்துநர்களுக்கே பணிக்கொடையில் 25 சதவீதத்தை மட்டும் பிடித்தால் போதும் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். பொய்யாக ஒரு டிக் போட்டவரிடம் முழுத் தொகையையும் பறிப்பது அந்த அளவுகோலில் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பறிப்பதாக இருந்தாலும் தனி நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டு, காரணம் எழுதித் தனி ஆணை போட வேண்டும். நம் நிறுவனம் அந்த வழிக்குப் போகவில்லை, முழுத் தொகையையும் முப்பது நாளுக்குள் கொடுக்கிறது. மூன்றையும் கூட்டினால், பிடித்தங்களுக்கு முன் 2,17,538 ரூபாய்.

பணம் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியை ஏப்ரல் 15 என்று நிறுவனம் பதிவுசெய்ய வேண்டும். செய்யாமல் விட்டால், அடுத்த வேலையில் அவர் நேர்மையாக இருந்தாலும் கணக்கில் மறுபடி இரண்டு வேலை தெரியும். பணிச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகிய மூன்றும் போதும். நீக்கிய காரணம் பணிநீக்க ஆணையில் இருக்கிறது, அந்த ஆணை அவர் கையிலும் நிறுவனக் கோப்பிலும் இருந்தால் போதும். பின்னாளில் வேறு ஏஜென்சி கேட்டாலும், விசாரணையில் நிரூபணமானதைத் தாண்டி மனிதவளத் துறை ஒரு வார்த்தையும் கூடுதலாகச் சொல்லக் கூடாது.