கையிருப்பு கூடியது 88,000, உபரியோ 22,000

ஒரு மன்றத்தின் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு என்பது, பொருளாளரின் ரொக்கப் புத்தகத்தைத் தலைப்புவாரியாகச் சுருக்கி எழுதியதுதான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை வந்த பணம் ஒரு பக்கம், போன பணம் மறுபக்கம். அந்தப் பணம் எந்த ஆண்டைச் சேர்ந்தது, ஆண்டோடு தீர்ந்துபோகும் செலவா, நிலைத்து நிற்கும் சொத்தா என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. வருவாய் மற்றும் செலவினக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் கேட்பவை அந்த இரண்டு கேள்விகளைத்தான்.

200 உறுப்பினர்கள் உள்ள ஓர் இறகுப்பந்து மன்றத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். அதன் 2024–25ஆம் ஆண்டின் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு இது:

| பெறுதல்கள் | ரூ. | செலுத்தல்கள் | ரூ. |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 40,000 | ஆடுகள வாடகை | 65,000 |
| சந்தா | 2,34,000 | காவலாளி சம்பளம் | 72,000 |
| வைப்புநிதி வட்டி | 7,000 | பந்துகள் | 54,000 |
| கட்டட நன்கொடை | 1,00,000 | மின் கட்டணம் | 22,000 |
| | | புதிய விளக்குகள் | 40,000 |
| | | இறுதி இருப்பு | 1,28,000 |
| மொத்தம் | 3,81,000 | மொத்தம் | 3,81,000 |

ஆண்டுத் தொடக்கத்தில் 40,000 ரூபாயாக இருந்த இருப்பு முடிவில் 1,28,000 ஆகியிருக்கிறது. பொதுக்குழுவில் இதை வாசித்தால், 88,000 ரூபாய் மிச்சம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அது மிச்சமல்ல.

மாற்றும் வேலை இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய நாளிலிருந்து தொடங்குகிறது. ஏப்ரல் 1 அன்று மன்றத்துக்கு என்னென்ன இருந்தது, யாருக்கு என்ன தர வேண்டியிருந்தது என்று ஒரு தொடக்க இருப்புநிலைக் குறிப்பு எழுத வேண்டும். இந்த மன்றத்திடம் ரொக்கம் 40,000, வர வேண்டிய பழைய சந்தா 18,000, கையிருப்புப் பந்துகள் 6,000, தளவாடங்கள் 1,50,000, வங்கி வைப்புநிதி 1,00,000 என மொத்தம் 3,14,000 ரூபாய்ச் சொத்து இருந்தது. முந்தைய மார்ச் மாத வாடகை 5,000 கொடுபட வேண்டியிருந்தது. ஐந்து பேர் 2024–25க்கான சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்ததால் அந்த 6,000 ரூபாயும் பொறுப்புதான். இந்த 11,000ஐக் கழித்தால் நிற்கும் 3,03,000 ரூபாயே மன்றத்தின் முதல் நிதி. வணிக நிறுவனத்தில் உரிமையாளர் போட்ட முதல் எந்த இடத்தில் இருக்குமோ, மன்றத்தில் அந்த இடத்தில் இருப்பது இது.

அடுத்தது சந்தா. மிகுதியான தவறுகள் நேர்வது இங்கேதான். பெற்றது 2,34,000 ரூபாய் என்றாலும் அது மூன்று ஆண்டுகளின் பணம். அதில் 14,400 ரூபாய், பழைய பாக்கி வைத்திருந்த பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் செலுத்தியது. 9,600 ரூபாய், எட்டு பேர் அடுத்த ஆண்டுக்காகக் கட்டியது. மீதி 2,10,000தான் நடப்பு ஆண்டுக்கு உரியது. அதாவது 175 பேரின் சந்தா. இதனுடன் முன்பே கட்டிய ஐந்து பேரின் 6,000ஐயும், இன்னும் கட்டாத இருபது பேரின் 24,000ஐயும் சேர்த்தால் ஆண்டின் சந்தா வருவாய் 2,40,000 ஆகிறது. விடை சரியா என்று பார்க்க எளிய வழி, தலைகளை எண்ணுவது: 175, 5, 20 சேர்ந்து 200. உறுப்பினர் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைச் சந்தாத் தொகையால் பெருக்கினால் அதே 2,40,000 வர வேண்டும். வரவில்லையென்றால் ரசீதுப் புத்தகத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

செலவுகளுக்கும் இதே நியாயம்தான். கொடுத்த வாடகை 65,000இல் 5,000 போன ஆண்டினுடையது. எனவே இந்த ஆண்டுச் செலவு 60,000. மின் கட்டணத்தில் கடைசி இரண்டு மாதப் பட்டியல் 4,000 இன்னும் செலுத்தப்படவில்லை. அதையும் சேர்த்துச் செலவு 26,000. பந்துகளைப் பொறுத்தவரை வாங்கியது கணக்கல்ல, அடித்துத் தீர்த்ததே கணக்கு. தொடக்கத்தில் இருந்த 6,000உடன் வாங்கிய 54,000ஐக் கூட்டி, மார்ச் 31 அன்று அலமாரியில் எஞ்சிய 10,000ஐக் கழித்தால் 50,000.

புதிய விளக்குகள் பல ஆண்டுகள் எரியும். அவற்றின் விலையான 40,000 முதலினச் செலவு. அது செலவினக் கணக்குக்குப் போகாமல் சொத்தோடு சேரும். அங்கே போவது தேய்மானம் மட்டுமே. ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் பழைய தளவாடங்களுக்கு 15,000, அக்டோபர் 1 அன்று வாங்கிய விளக்குகளுக்கு அரையாண்டுக்கு 2,000, ஆக 17,000. ரொக்கம் கைமாறாத செலவு என்பதால் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கில் இதன் சுவடே இருக்காது. அதனால்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கட்டட நன்கொடையைக் கவனமாகக் கையாள வேண்டும். பொதுவாகத் தரப்படும் சிறு நன்கொடை வருவாயில் சேரும். கட்டடத்துக்கென்று குறித்துத் தந்த ஒரு லட்சத்தைப் பந்து வாங்கவோ சம்பளம் தரவோ மன்றத்துக்கு உரிமையில்லை. எனவே அது கட்டட நிதி என்ற பெயரில் இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில் தனியே நிற்கும்.

இப்போது வருவாய் மற்றும் செலவினக் கணக்கு தானாகவே உருவாகிறது. சந்தா 2,40,000, வட்டி 7,000 சேர்ந்து வருவாய் 2,47,000. வாடகை 60,000, சம்பளம் 72,000, பந்துகள் 50,000, மின்சாரம் 26,000, தேய்மானம் 17,000 சேர்ந்து செலவு 2,25,000. உபரி 22,000. கூடிய ரொக்கத்துக்கும் இதற்கும் உள்ள 66,000 ரூபாய் வேறுபாட்டின் பெரும்பகுதி, செலவிட உரிமையில்லாத அந்த ஒரு லட்சத்திலிருந்து வந்தது.

இறுதி இருப்புநிலைக் குறிப்பில் முதல் நிதி 3,03,000உடன் உபரி சேர்ந்து 3,25,000 ஆகிறது. கட்டட நிதி 1,00,000, முன்கூட்டிப் பெற்ற சந்தா 9,600, கொடுபட வேண்டிய மின் கட்டணம் 4,000 சேர்த்துப் பொறுப்புகள் பக்கம் 4,38,600. மறுபக்கத்தில் ரொக்கம் 1,28,000, வைப்புநிதி 1,00,000, தேய்மானம் போகத் தளவாடங்கள் 1,73,000, பந்துகள் 10,000. வர வேண்டிய சந்தா 27,600. அதில் 24,000 இந்த ஆண்டினது, 3,600 போன ஆண்டே கட்டாத மூவருடையது. இந்தப் பக்கமும் 4,38,600.

இரு பக்கமும் சமமானால் கணக்கு சரி என்று நம்பிவிடுவது வழக்கம். ஆனால் சில பிழைகள் சமநிலையைக் கலைப்பதே இல்லை. ஐந்து பேர் முன்கூட்டிக் கட்டிய 6,000ஐத் தொடக்கக் குறிப்பிலும் சந்தா கணக்கீட்டிலும் சேர்த்தே மறந்தால், முதல் நிதி 3,09,000 ஆகும், உபரி 16,000 ஆகும், கூட்டுத்தொகை மாறாது. ஓரிடத்தில் மட்டும் விட்டிருந்தால்தான் 6,000 இடித்து நின்று காட்டிக்கொடுக்கும். கட்டட நன்கொடையை வருவாயில் போட்டாலும் அப்படித்தான்: உபரி 1,22,000 என்று உப்பும், பக்கங்கள் பொருந்தியே நிற்கும். மூவரின் 3,600 உண்மையில் வருமா என்பதையும் கூட்டல் சொல்லாது. அவர்கள் மன்றத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்றால் அந்தத் தொகையைச் சொத்திலிருந்து நீக்கி, செலவில் வாராக்கடனாக எழுத வேண்டும். அப்போது உபரி 18,400 ஆகக் குறையும்.