பள்ளி வாசல் கடையும் ஜூன் மாதக் கணக்கும்

பள்ளிக்கு அருகே நோட்டு, பேனா கடை வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பள்ளி மாணவர்களுக்கு எதைக் கொடுக்கிறது என்பதை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பாடநூல், நோட்டு, புத்தகப்பை போன்றவை விலையில்லாமல் கிடைக்கின்றன. தனியார் பள்ளிகள் பலவற்றில் நோட்டுகளைப் பள்ளியே விற்றுவிடுகிறது. இப்படிப்பட்ட பள்ளிகளின் வாசலில் நோட்டுக் கட்டுகளை அடுக்கிவைத்தால் பணம்தான் முடங்கும். அங்கே பேனா, பென்சில், ரப்பர், சார்ட், கிராஃப் ஷீட், வரைபடத்தாள், அட்டை போட பிரவுன் ஷீட் ஆகியவைதான் கடையை நடத்தும். வெளியில் நோட்டு வாங்கச் சொல்லும் பள்ளியாக இருந்தால் மட்டுமே ஜூன் மாதம் பெரிய வியாபாரமாகும்.

அப்படிப்பட்ட பள்ளியில் எந்த வகுப்புக்கு எந்த நோட்டு என்ற பட்டியல் பெரும்பாலும் கோடை விடுமுறையிலேயே பெற்றோர் கைக்கு வந்துவிடும். தெரிந்த பெற்றோரிடம் அதை வாங்கி வகுப்புவாரியாக எழுதிக்கொள்வதுதான் கொள்முதலின் முதல் வேலை. நோட்டு என்று பொதுவாகச் சொன்னாலும் கோடு போட்டது, கோடு போடாதது, இரட்டைக் கோடு, நான்கு கோடு, கட்டம் போட்டது எனப் பல வகை உண்டு. அளவும் பக்கங்களும் வேறுபடும். நான்கு கோடு நோட்டு சிறு வகுப்புகளுக்கு மட்டுமே தேவை. அதை அளவுக்கு மீறி வாங்கினால் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் விற்க முடியாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். பள்ளியில் 600 பேர் படிக்கிறார்கள், ஒருவருக்குச் சராசரியாக 8 நோட்டு என்றால் மொத்தத் தேவை 4,800. பலர் நகரத்துக் கடைகளில் வாங்குவார்கள், அருகில் வேறு கடையும் இருக்கும். புதிய கடைக்குக் கால்பங்கு வந்தால் 1,200 நோட்டு. நோட்டு ஒன்றை 30 ரூபாய்க்கு வாங்கி 38 ரூபாய்க்கு விற்பதாக வைத்தால் முதலீடு 36,000 ரூபாய், எல்லாம் விற்றால் மிச்சம் 9,600. ஆனால் 200 நோட்டு தங்கிவிட்டால் வரவு 38,000 மட்டுமே. போட்ட பணம் போகக் கையில் நிற்பது 2,000 ரூபாய்தான். மீதி லாபம் அலமாரியில் காகிதமாக இருக்கும். அதைக் கொண்டு கடை வாடகை கட்ட முடியாது.

இதற்காகத்தான் கொள்முதலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மே மாத நடுவில் 800 நோட்டு. பள்ளி திறந்து முதல் மூன்று நாள் விற்பனையைப் பார்த்து, எந்த வகை தீர்கிறதோ அதில் மட்டும் மீதி. சென்னையில் பாரிமுனைப் பகுதி மொத்தக் கடைகளோ, வேறு ஊர்களில் சிவகாசி நோட்டுகளை எடுத்துத் தரும் வியாபாரிகளோ, யாரிடம் வாங்கினாலும் இரண்டு விஷயங்களை முன்பே பேசிக்கொள்வது நல்லது. ஜூன் முதல் வாரத்தில் கேட்டால் எத்தனை நாளில் சரக்கு வரும்? பிரிக்காத கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? இரண்டாவதற்குச் சம்மதிக்கும் வியாபாரி ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் அது நஷ்டமில்லை.

பள்ளி திறக்கும் வாரத்தில் காலை மணி அடிப்பதற்கு முந்தைய இருபது நிமிடத்தில்தான் நெரிசல். ஒவ்வொரு வகுப்புக்கும் நோட்டுகளை முன்கூட்டியே செட்டாகக் கட்டி, வகுப்பையும் விலையையும் எழுதி வைத்தால் ஒருவரே சமாளிக்கலாம். பேனா, ரப்பர், ஸ்கேல் கை எட்டும் இடத்திலும், சில்லறை தனி டப்பாவிலும் இருக்க வேண்டும். கேட்டு இல்லாமல் போன பொருளை அப்போதே ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டுப் பட்டியலில் பாதி தானாகவே தயாராகிவிடும்.

ஜூனுக்குப் பிறகு தேவை மாறும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டு ஆய்வக வகுப்புகள் தொடங்கிய பிறகே கேட்கப்படும். அதை ஜூனில் வாங்கி வைக்கத் தேவையில்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வரும்போது பரீட்சை அட்டை, பேனா, வெள்ளைத்தாள் போகும். கண்காட்சி, செய்முறை வேலைகளுக்குச் சார்ட்டும் வண்ணத்தாளும் பசையும் போகும். மார்ச் பொதுத்தேர்வுக்குப் பேனாவும் ஜியோமெட்ரி பாக்ஸும்.

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் விற்பனை ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் அடுத்த ஜூன் கொள்முதலுக்குப் பணம் தேவைப்படுவதும் அப்போதுதான். ஜூன் லாபத்தில் ஒரு பகுதியை மே மாதத்துக்கென்று தனியே ஒதுக்கிவைக்காத கடை கடன் வாங்கித்தான் சரக்கெடுக்கும். வட்டி போனபின் ஒரு நோட்டுக்கு 8 ரூபாய் நிற்காது.

கடை திறக்கும் முன் உள்ளாட்சி அமைப்பிடம் தொழில் உரிமம் பற்றிக் கேட்டு முடிக்க வேண்டும். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம். ஆகவே விடுமுறை மாத வருமானத்துக்கு ஜெராக்ஸ் போன்ற வேலைகளைத்தான் நாட வேண்டும்.