முகத்துக்கு முன்னால் வந்த மெட்டு: லைட்மோட்டிஃப் பற்றி ஒரு குறிப்பு

சினிமா பின்னணி இசை பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். அதில் லைட்மோட்டிஃப் என்கிற சமாசாரத்தை மட்டும் தனியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏன் என்றால், இந்த வார்த்தையைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் "ஹீரோ வரும்போது போடுவாங்களே, அந்த பிஜிஎம் தானே?" என்று கேட்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

வார்த்தை ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. வழிநடத்தும் இசைத்துணுக்கு என்று ஏறக்குறைய அர்த்தம் சொல்லலாம். வாக்னரின் இசை நாடகங்களைப் பற்றி எழுதியவர்கள், முக்கியமாக ஹான்ஸ் ஃபான் வோல்ட்சோகன், 1870களில் இதைப் பரப்பினார்கள். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு எண்ணம், இதில் ஏதோ ஒன்றோடு ஒரு சிறு மெட்டைக் கட்டிவிடுவது. பிறகு கதை நெடுக அந்த மெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது. இவ்வளவுதான் இலக்கணம்.

ஆனால் ஒரு ஆள் திரைக்கு வரும்போதெல்லாம் அதே மெட்டை ஒலிக்க விட்டால் என்ன ஆகும்? அடோர்னோவும் ஹான்ஸ் ஐஸ்லரும் 1947-ல் சினிமா இசை பற்றி எழுதிய புத்தகத்தில் இதைத்தான் கிண்டல் செய்கிறார்கள். வந்திருப்பது யார் என்று எல்லாருக்கும் கண்ணால் தெரிகிறது. இசை அப்போதும் வாசலில் நிற்கும் சேவகன் மாதிரி "எஜமான் வருகிறார்" என்று கூவுகிறது. படம் ஏற்கெனவே சொன்னதை இசை இன்னொரு தடவை சொல்கிறது, அதனால் என்ன லாபம் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்று எனக்குப் படுவது, அந்தப் புத்தகத்துக்குப் பதினாறு வருடம் முன்னால் வந்த ஒரு படம். ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'எம்' (1931). லாங்கின் முதல் பேசும் படம். இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதற்குமேல் கதை முழுக்கச் சொல்லப் போகிறேன்.

ஒரே ஒரு மெட்டு

பெர்லினில் ஒருவன் குழந்தைகளைக் கடத்திக் கொல்கிறான். பெயர் ஹான்ஸ் பெக்கர்ட், நடித்தவர் பீட்டர் லோரே. படத்துக்கென்று பின்னணி இசை எதுவும் கிடையாது. இசையமைப்பாளரே இல்லை. பெக்கர்ட் விசிலடிக்கும் ஒரு மெட்டு மட்டும் வந்து வந்து போகிறது. லோரேவுக்கு விசிலடிக்க வராது என்பதால் லாங்கே அடித்தார் என்று சொல்வார்கள்.

அந்த மெட்டு, இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்காக நார்வேக்காரர் எட்வர்ட் க்ரீக் எழுதிய இசையில் வருவது. மலை அரசனின் மண்டபத்தில் பூதக் கூட்டம் பேரைச் சூழ்ந்து விரட்டும் இடம். கீழ் ஸ்தாயியில் பதுங்கிப் பதுங்கி ஆரம்பிக்கும். அதே துணுக்கு திரும்பத் திரும்ப வந்து, வேகமும் சத்தமும் ஏறி, கடைசியில் வெறிபிடித்த மாதிரி ஆகிவிடும்.

நம் ஸ்வரக் கணக்கில் சொன்னால், ஆரம்பம் நடபைரவி மாதிரி ச ரி க ம ப என்று படி ஏறி, உடனே க ப என்று தடுமாறும். அடுத்து பிரதி மத்யமத்தில் ம ரி ம. பிறகு அதே உருவம் அரை ஸ்வரம் கீழே சறுக்கி இன்னொரு ம ரி ம. மறுபடி அடியிலிருந்து ஏறி மேல் ஸட்ஜத்தைத் தொட்டாலும் அங்கே நிற்காது, இறங்கி நிஷாதத்தில் தொங்கும். முடிந்த உணர்வே வராது. திரும்ப அடிக்கச் சொல்லும். வாயசைவில் சும்மா வரக்கூடிய அளவுக்கு எளிமை, ஒருமுறை கேட்டால் மறக்காத அளவுக்கு விசித்திரம். லைட்மோட்டிஃபுக்கு இந்த இரண்டும் வேண்டும். நீளமான அழகான ராக ஆலாபனை இந்த வேலைக்கு ஆகாது. ஏழெட்டு ஸ்வரத்தில் அடையாளம் தெரிய வேண்டும்.

விதைப்பது

எல்ஸி என்ற சிறுமி பள்ளி விட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள். கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பு ஒட்டியிருக்கும் தூணில் பந்தை அடிக்கிறாள். அந்த அறிவிப்பின் மேல் ஒரு நிழல் விழுகிறது. குரல் கேட்கிறது, முகம் இல்லை. அடுத்து, அவன் அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான். விற்பவர் கண் தெரியாத ஒரு முதியவர். அப்போதுதான் முதல்முறையாக அந்த விசில் கேட்கிறது.

அதற்கப்புறம் லாங் கொலையைக் காட்டுவதில்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல், ஆளில்லாத மாடிப்படி, சாப்பாட்டு மேசையில் காலித் தட்டு, புல்லில் உருண்டு வந்து நிற்கும் பந்து, தந்திக் கம்பியில் மாட்டிக்கொண்டு தவிக்கும் பலூன். இந்தக் காலியான காட்சிகளுக்குக் கொஞ்சம் முன்னால் நாம் கேட்டது அந்த மெட்டு. க்ரீக்கின் மெட்டுக்கும் குழந்தையின் சாவுக்கும் இயற்கையாக எந்தச் சம்பந்தமும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வந்ததால் ஒட்டிக்கொண்டது. லைட்மோட்டிஃப் பொருள் பெறுவது இப்படித்தான்: மெட்டின் குணத்தால் கொஞ்சம், அது முதலில் ஒலித்தபோது என்ன நடந்தது என்பதால் நிறைய.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விசிலைக் கேட்டவர்கள் மூன்று தரப்பு: எல்ஸி, பலூன்காரர், நாம். எல்ஸி இறந்துவிட்டாள். ஆக, பலூன்காரருக்கும் நமக்கும் மட்டும்தான் அந்த மெட்டு தெரியும். இதைப் படம் அடுத்த ஒரு மணி நேரம் அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறது.

அர்த்தம் மாறுவது

அடுத்து அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறான். முதுகுப்பக்கம் மட்டும் தெரிகிறது, விசில் கேட்கிறது. இங்கே மெட்டு ஒரு பெயர்ப்பலகை மாதிரிதான் வேலை செய்கிறது: இவன்தான் அவன். முகத்தை நாம் பார்ப்பதே இதற்கு அப்புறம்தான்.

பிறகு கடைத்தெரு. கத்திகள் அடுக்கிய கடைக் கண்ணாடியில் ஒரு சிறுமியின் பிம்பத்தைப் பார்க்கிறான். அவன் உடம்பே மாறுகிறது. அவள் நடக்கிறாள். திரையில் அவள் மட்டும் இருக்க, விசில் பின்னால் தொடர்கிறது. இப்போது மெட்டு ஆளைக் குறிக்கவில்லை, அவனுக்குள் எழும் வெறியைக் குறிக்கிறது. சிறுமி தன் அம்மாவைப் பார்த்து ஓடியதும் விசில் சட்டென்று அறுந்துபோகிறது. அவன் ஒரு கடை வாசலில் ஒண்டிக்கொள்கிறான். பிறகு ஒரு உணவகத்தில் உட்கார்ந்து கோன்யாக் வாங்கிக் குடிக்கிறான். விசில் மறுபடி கிளம்புகிறது. எந்தக் குழந்தையும் அருகில் இல்லை. தணியவில்லை என்று நமக்குச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

அதாவது அதே மெட்டு, எதையும் மாற்றாமல், "இது யார்" என்பதிலிருந்து "இவனுக்குள் என்ன நடக்கிறது" என்பதற்கு நகர்ந்துவிட்டது. பாத்திரத்தையும் எண்ணத்தையும் ஒரே நூலில் கட்டுவது என்றால் இதுதான். வாக்னர் வழியில் வந்த ஹாலிவுட் இசையமைப்பாளர்கள் இதை வாத்தியம், தாளகதி, மேஜர் மைனர் என்று மாற்றிச் செய்வார்கள். லாங்கிடம் இருந்தது வெறும் விசில். அதனால் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது, திரையில் அப்போது யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மாற்றுகிறார்.

அறுவடை

இதற்கிடையே போலீஸ் கைரேகையைப் பெரிதாக்கிப் பார்க்கிறது, வரைபடத்தில் வட்டம் போடுகிறது, மதுக்கடைகளில் சோதனை நடத்துகிறது. போலீஸ் தொல்லை தாங்காத தாதாக்களும் தங்கள் பங்குக்குப் பிச்சைக்காரர்களைத் தெருவெங்கும் காவல் வைக்கிறார்கள். எல்லாரும் கண்ணால் தேடுகிறார்கள்.

பலூன்காரரைப் பற்றி மட்டும் இடையில் ஒரு சின்னத் தகவல் வருகிறது. ஒரு பீப்பாய் ஆர்கன் சுருதி தப்பி ஒலிக்கும்போது அவர் காதைப் பொத்திக்கொள்கிறார். நல்ல இசை வந்ததும் முகம் மலர்கிறது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இது முன்னேற்பாடு என்று அப்போது தோன்றாது.

ஒருநாள் அவர் பக்கமாக யாரோ விசிலடித்துக்கொண்டு போகிறார்கள். அவர் அப்படியே நிற்கிறார். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே... எல்ஸி இறந்த அன்று, பலூன் வாங்கினானே, அவன்! பக்கத்திலிருந்த இளைஞனைத் துரத்த அனுப்புகிறார். இளைஞன் பிடித்துவிடுகிறான், அவன் கூட இன்னொரு சிறுமி. உள்ளங்கையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எம் எழுத்தை, இடிப்பது போல அவன் கோட்டின் முதுகில் பதிக்கிறான். படத்தின் பெயர் அந்த எழுத்துதான்.

அடோர்னோ, ஐஸ்லர் கேள்விக்குப் பதில் இங்கே கிடைக்கிறது. படம் காட்டியதை இசை திருப்பிச் சொல்லவில்லை. கண்ணால் முடியாததைச் செய்தது. பலூன்காரருக்கு மெட்டு எப்படி நினைவு வந்ததோ அப்படியே நமக்கும் வருகிறது. எல்ஸி செத்துப்போன அந்த மத்தியானமும் கூடவே வருகிறது. ஒரு மணி நேரம் தள்ளி இருக்கும் இரண்டு காட்சிகளை இணைப்பது ஏழெட்டு ஸ்வரம்.

கடைசியில் தாதாக்கள் நடத்தும் விசாரணையில் பெக்கர்ட் கதறுகிறான்: தெருவில் நடக்கும்போது யாரோ என்னைத் துரத்துகிறார்கள், அது நானேதான், என்னிடமிருந்து நான் ஓட முடியவில்லை என்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் க்ரீக்கின் மெட்டு எதற்காக எழுதப்பட்டது என்பது எனக்கு உறைத்தது: பூதங்கள் ஒருவனை விரட்டும் காட்சி. அவன் இத்தனை நேரமும் விசிலடித்தது தன்னைத் துரத்தும் இசையை. க்ரீக்கைத் தெரியாதவர்களுக்கும் படம் புரியும். தெரிந்தவர்களுக்கு இன்னொரு அடுக்கு.

எங்கே சொதப்பும்?

இது பலிக்க முக்கியக் காரணம் சுற்றிலும் இருந்த மௌனம். இரண்டு மணி நேரமும் இசை நிரப்பிய படத்தில் ஒரு மெட்டை நுழைத்தால், அது கும்பலில் காணாமல் போய்விடும். அதே மாதிரி, முதல் தடவை ஒலிக்கும்போது முக்கியமான எதுவும் நடக்கவில்லை என்றால், பத்துத் தடவை ஒலித்தாலும் மெட்டுக்கு நினைவு என்று ஒன்று சேராது. பழக்கம் மட்டும்தான் சேரும்.

நான் படம் பார்க்கும்போது வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்று. மெட்டு திரும்ப வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். "இன்னார் வந்துட்டார்" என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்றால் அது அறிவிப்பு மணி. முன்னால் நடந்த ஒரு காட்சி மனசில் எழுந்து, இப்போது நடப்பதை வேறு மாதிரி பார்க்க வைத்தால் அது லைட்மோட்டிஃப்.

'எம்' பார்க்கிறவர்கள் ஹெட்ஃபோனில் பாருங்கள். விசில் எப்போது வருகிறது என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். எப்போது அறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.