டான்சில் அறுவை சிகிச்சைக்கு முன் டீச்சருக்கு ஒரு கடிதம்

'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று தொடங்கும் விடுப்புக் கடிதம் இரண்டு நாள் காய்ச்சலுக்குப் போதும். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் போதாது. அதற்கு நாள் குறித்துவிடுகிறார்கள். சில வாரங்களுக்கு முன்பே பெற்றோருக்குத் தெரிந்துவிடுகிறது. குழந்தை பள்ளிக்குத் திரும்பப் பத்துப் பள்ளி நாட்கள் ஆகலாம். திரும்பி வந்த பிறகும் சில நாட்களுக்குக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பாசிரியருக்கு இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்தால் பாடத்தையும் தேர்வையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியும்.

கடிதம் எழுத உட்காரும் முன் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டான்சில் எடுத்த பிறகு வலி நாளுக்கு நாள் படிப்படியாகக் குறைவதில்லை. முதல் ஓரிரு நாள் குழந்தை ஓரளவு தெம்பாகவே இருக்கும், ஐஸ்கிரீம்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். மூன்றாம் நாள் தொடங்கி ஐந்து, ஆறாம் நாள் வரை வலி கூடும். காது வலிக்கிறது என்று அழும். காதில் கோளாறு எதுவும் இருக்காது. தொண்டைக்கும் காதுக்கும் போகும் நரம்பு ஒன்றே என்பதால் தொண்டை வலி காதில் தெரிகிறது. டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு படலம் படியும். பார்த்தால் சீழ் போலத் தோன்றும். உண்மையில் அது புண் ஆறும்போது வருகிற பொருக்கு. வாயும் நாறும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இந்தப் பொருக்கு உதிரும். அந்தச் சமயத்தில்தான் சில குழந்தைகளுக்கு ரத்தக்கசிவு வருகிறது. பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டு வாரம் ஓட்டமும் விளையாட்டும் நீச்சலும் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பாடத் திட்டமும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் அமைய வேண்டும். 'முதல் வாரம் வீட்டில்தானே இருக்கிறாள், எழுதட்டும்' என்று நோட்டுகளை வரவழைக்கும் பெற்றோர் பலர். எச்சில் விழுங்கவே தயங்குகிற குழந்தைக்கு அந்த வாரம் தண்ணீர் குடிப்பதுதான் வேலை. குடிக்காமல் விட்டால் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். படிப்பை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளி வைப்பதே சரி.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு மாணவி, நவம்பர் 6, வியாழக்கிழமை சிகிச்சை. தீபாவளி முடிந்துவிட்டது, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அவளுடைய அம்மா பத்து நாள் முன்னதாக எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

27 அக்டோபர்

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகளுக்கு நவம்பர் 6, வியாழக்கிழமை டான்சில் அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. தொண்டைவலிக் காய்ச்சலால் இந்த ஆண்டு அவள் அடிக்கடி விடுப்பு எடுத்தது தாங்கள் அறிந்ததே. 6ஆம் தேதியிலிருந்து 19ஆம் தேதி வரை அவளால் பள்ளிக்கு வர இயலாது. மருத்துவர் சரி என்று சொன்னால் 20ஆம் தேதி, வியாழக்கிழமை வருவாள். அதற்கு முன் சளியோ காய்ச்சலோ வந்தால் சிகிச்சை தள்ளிப்போகலாம். அப்படி ஆனால் உடனே தங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

12ஆம் தேதி வரை வீட்டுப்பாடம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 13ஆம் தேதியிலிருந்து காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் படிக்க வைக்கிறோம். கணக்கில் பின்னம் தொடங்கப் போவதாகச் சொன்னாள். சமான பின்னம் வரை இந்த வாரமே வீட்டில் சொல்லிக்கொடுத்துவிட நினைக்கிறேன். தாங்கள் வகுப்பில் சொல்லித்தரும் முறையை ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் நானும் அதே முறையில் சொல்லித்தருவேன். மற்றப் பாடங்களில் எவை முடிந்தன என்று 12ஆம் தேதி ஒரு குறிப்பு அனுப்பினால் போதும். விடுபட்ட கேள்வி-பதில்களை முழுவதும் எழுதச் சொல்லாமல், ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்ட அனுமதிக்க வேண்டுகிறேன். இடையில் வரும் தேர்வுகளை டிசம்பர் முதல் வாரத்தில் எழுதட்டும்.

திரும்பி வந்த பிறகு வகுப்பு நேரத்திலும் தண்ணீர் குடிக்க அனுமதியுங்கள். மருத்துவர் சொல்லும்வரை பி.டி. பீரியடில் உட்கார்ந்திருக்கட்டும், வாய்ப்பாடு, செய்யுள் எதையும் சத்தமாக ஒப்பிக்க வேண்டாம். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறேன். வலி மாத்திரை எதுவும் பள்ளியில் தர வேண்டாம். எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ, ஒன்றும் சாப்பிடாதபோதும் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே என்னை அழையுங்கள். என் எண்ணும் அவளுடைய அப்பா எண்ணும் கீழே உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாய்

இந்தக் கடிதத்தில் நோயின் வரலாறு ஒரே வரிதான். ஸ்கேன் முடிவும் மருந்துப் பெயர்களும் ஆசிரியருக்குத் தேவையில்லை. கடிதத்தை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடாமல் டீச்சரிடம் நேரில் கொடுப்பது நல்லது. ஒரு குழந்தையின் தொண்டைப் புண்ணைப் பற்றி நாற்பது வீடுகள் பேச வேண்டியதில்லை.

வியாழக்கிழமை திரும்புவது என்ற ஏற்பாட்டிலும் ஒரு யோசனை இருக்கிறது. இரண்டு வாரம் படுத்திருந்த குழந்தைக்கு முழுநாள் வகுப்பே களைப்பைத் தரும். இரண்டு நாள் வந்துவிட்டு சனி, ஞாயிறு ஓய்வெடுத்தால் அடுத்த வாரத்தைச் சமாளித்துவிடும்.

இனி பாடம். எல்லாப் பாடமும் ஒரே மாதிரி விடுபடுவதில்லை. சமூக அறிவியலில் ஒரு பாடம் போனால் அடுத்த பாடம் தடைபடாது, பிறகு படித்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாடத்தையும் கதையையும் அப்பாவோ பாட்டியோ வாசிக்க, படுத்தபடியே கேட்டுக்கொள்ளலாம். கணக்கு அப்படியில்லை. சமான பின்னம் தெரியாமல் வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் நாளில் வகுப்புக்கு வரும் குழந்தை, 1/2 + 1/3 என்று பலகையில் பார்த்ததும் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதிவிடும். 1/2 என்பதை 3/6 என்றும், 1/3 என்பதை 2/6 என்றும் மாற்றத் தெரிந்தால்தான் 5/6 வரும். 2/5 என்பது 1/2-ஐ விடவே சிறியது. இரண்டைக் கூட்டினால் விடை எப்படிக் குறையும் என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றாது, ஏனென்றால் அந்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்த வகுப்பில்தான் அது இல்லை. அதனால் கணக்கை மட்டும் சிகிச்சைக்கு முன்பே சொல்லிக்கொடுத்து வைப்பது பிறகு துரத்திப் பிடிப்பதைவிட எளிது. சப்பாத்தியை ஆறாக வெட்டி அதில் மூன்றையும் பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். இரண்டாம் வாரத்தில் காலை அரை மணி நேரத்தில் நான்கைந்து கணக்குகள், அதற்கு மேல் வேண்டாம்.

ஜெராக்ஸ் கோரிக்கையைச் சில பள்ளிகள் ஏற்காது. நோட்டுத் திருத்தம் முழுமையாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும். அப்படியானால் எந்தப் பாடத்தின் எந்தக் கேள்விகளை மட்டும் கையால் எழுதினால் போதும் என்று டீச்சரையே குறித்துத் தரச் சொல்லலாம். குழந்தை தூங்கிய பிறகு அம்மாக்கள் உட்கார்ந்து நோட்டு முழுவதையும் எழுதித் தருவதை நிறைய வீடுகளில் பார்க்கிறோம். நோட்டு நிறையும், குழந்தைக்குப் பாடம் ஒன்றும் ஏறாது. அந்த நேரத்துக்கு அம்மாவும் தூங்கலாம்.

கடிதத்தில் எழுதாமல், கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட வேண்டியவையும் உண்டு. ஒன்று, வாய் நாற்றம். திரும்பி வந்த முதல் சில நாட்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தால் குழந்தை பள்ளிக்கே வர மறுக்கும். டீச்சருக்குத் தெரிந்தால் பேச்சில்லாமல் இடத்தை மாற்றி உட்கார வைத்துவிடுவார். இன்னொன்று, தொண்டையில் தெரியும் வெள்ளைப் படலம். யாராவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு 'சீழ் பிடித்திருக்கிறது' என்று பயந்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. குரலும் சில நாள் மாறி ஒலிக்கலாம்.

ரத்தம் பற்றி எழுதியிருப்பது பயமுறுத்துவதற்கு அல்ல. இரண்டு வாரம் கழிந்த பிறகு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனாலும் டீச்சருக்குச் செய்ய வேண்டியது தெரிந்திருக்க வேண்டும். குழந்தையை உட்கார வைத்து, சற்று முன்னால் குனியச் செய்து, ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்ல வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. கொஞ்சமாக வந்து தானே நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும், ஏனென்றால் சிறிய கசிவுக்குப் பின் பெரிய கசிவு வருவதுண்டு. நிற்காமல் வந்தால் பெற்றோருக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மாத்திரை தர வேண்டாம் என்று எழுதியதும் இதற்காகத்தான். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும். பள்ளி முதலுதவிப் பெட்டியில் எது இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

நவம்பரில் இன்னொரு சிக்கல், மழை. மழை விடுமுறை விட்டால் பாடங்கள் தள்ளிப்போகும். விடுபட்ட வகுப்புகளை சனிக்கிழமை வைப்பார்கள். அப்போது பாடக் கணக்கு மாறும் என்பதால்தான் 12ஆம் தேதிக் குறிப்பைக் கேட்டிருக்கிறார் அம்மா. மழைக்காலச் சளியும் உண்டு. மூச்சுக்குழாயில் சளி இருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்பதால் மருத்துவர்கள் சிகிச்சையைச் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். அப்படித் தள்ளிப்போனால் புதிய தேதி அரையாண்டுத் தேர்வில் முட்டாமல் இருக்கிறதா என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு மருத்துவமனையில் நாள் வாங்குவது நல்லது. முட்டினால், குழந்தைக்கு மூச்சுத்திணறலோ தூக்கத்தில் மூச்சு நிற்பதோ இல்லாதபட்சத்தில், தேர்வு விடுமுறையின் முதல் நாளுக்கே தள்ளி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தூக்கத்தில் மூச்சு அடைபடும் குழந்தை வகுப்பிலும் அடிக்கடி தூங்கி வழியும். அதைக் கவனித்திருந்தால் டீச்சர் சொல்லும் ஒரு வார்த்தை மருத்துவரின் முடிவுக்கே உதவும்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் மருத்துவச் சான்றிதழையும் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துத் தலைமையாசிரியர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வருகைப்பதிவில் அந்தப் பத்து நாட்களும் மருத்துவ விடுப்பாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று குழந்தை திரும்பி வரும் நாளிலேயே பார்த்துவிடலாம்.